மேக்ரோ என்ன செய்தது? ‘வைரஸ்தான்’ என்ற ஒரு வார்த்தைப் பதில் ஏன் போதாது?

ஆபீஸ் இமெயிலுக்கு ஒரு வேர்டு ஃபைல் வருகிறது. பழைய உரையாடல் ஒன்றுக்குப் பதில் போலவே இருக்கிறது, சப்ஜெக்ட் வரியும் உங்களுக்குத் தெரிந்ததுதான். திறந்தால், “இந்த ஆவணம் வேறு பதிப்பில் உருவாக்கப்பட்டது. பார்க்க வேண்டுமென்றால் முதலில் Enable Editing, பிறகு Enable Content அழுத்தவும்” என்று ஒரு படம். யாரோ ஒருவர் அழுத்திவிடுகிறார். ஒன்றும் நடக்கவில்லை. ஐடி ஆளிடம் சொன்னால் அவர் ஆன்டிவைரஸை ஓட்டிவிட்டு, “வைரஸ்தான், டெலிட் பண்ணியாச்சு” என்கிறார். எல்லோரும் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

இந்தப் பதிலில்தான் எனக்குப் பிரச்னை. ஃபைலை டெலிட் செய்தாயிற்று, சரி. அது ஓடிய அந்தச் சில விநாடிகளில் என்ன செய்தது? எதை இறக்கியது, எங்கே வைத்தது, யாரோடு பேசியது? ‘வைரஸ்’ என்பது ஒரு முத்திரை மட்டும்தான். பக்கத்து சீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் எதைத் தேட வேண்டும் என்று அந்த முத்திரை சொல்லாது. அதற்கு ஒரு பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியல் எப்படித் தயாராகிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை ஒரு நிஜ உதாரணத்தோடு பார்க்கலாம்.

உதாரணம், எமோடெட். 2014-ல் வங்கிக் கணக்குத் தகவல்களைத் திருடும் நிரலாகத் தொடங்கி, பிறகு மற்ற குற்றக் கும்பல்களுக்குக் கதவைத் திறந்துவிடும் ‘வாசல்’ ஆக மாறியது. 2019, 2020-ல் அது பெரும்பாலும் பரவியது மேலே சொன்ன மாதிரியான வேர்டு ஃபைல்கள் வழியாகத்தான். திருடிய இமெயில் உரையாடல்களுக்கே அது பதில் அனுப்பும். அதனால்தான் சப்ஜெக்ட் வரி தெரிந்ததாக இருந்தது. 2019 செப்டம்பர் இறுதியில் பெர்லினின் உயர் நீதிமன்றமான காமர்கெரிஷ்ட்டில் எமோடெட் நுழைந்திருப்பது தெரியவந்தது. மொத்த நீதிமன்றத்தையும் நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு அவர்களைத் துரத்திய கேள்வியும் இதேதான்: உள்ளே வந்தது என்னவெல்லாம் செய்தது? தகவல்கள் வெளியே போயிருக்கக்கூடும் என்று 2020 ஜனவரியில் வெளியான தடயவியல் அறிக்கை சொன்னது.

முதலில் ஒரு கூண்டு

சந்தேக ஃபைலை நம்முடைய கம்ப்யூட்டரில் திறக்க முடியாது. அதனால் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை உருவாக்குகிறார்கள். இதுதான் விர்ச்சுவல் மெஷின். அதில் விண்டோஸ், வேர்டு இரண்டும் இருக்கும். வெளிக் கம்ப்யூட்டரோடு பகிரும் ஃபோல்டர் இருக்காது, காப்பி-பேஸ்ட் இணைப்பும் இருக்காது. எல்லாம் தயாரானதும் அந்த நிலையை ஒரு ஸ்னாப்ஷாட்டாகச் சேமிப்பார்கள். சோதனை முடிந்ததும் ஒரே க்ளிக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

முக்கியமானது இன்டர்நெட். கூண்டுக்கு நிஜ இன்டர்நெட் கொடுத்தால், அது உண்மையிலேயே தாக்குபவரோடு பேசிவிடும். ‘யாரோ என் ஃபைலைத் திறந்துவிட்டார்கள்’ என்று அவருக்குத் தெரியும். உள்ளே நிஜ எமோடெட் இறங்கிவிட்டால், நம்ம கூண்டிலிருந்தே அடுத்த ஆயிரம் பேருக்கு இமெயில் போகவும் வாய்ப்பு இருக்கிறது. அதனால் பக்கத்தில் இன்னொரு விர்ச்சுவல் மெஷினை வைத்து, அதில் `INetSim` போன்ற ஒரு போலி இன்டர்நெட்டை ஓடவிடுவார்கள். எந்த முகவரியைக் கேட்டாலும் “நான்தான் அது” என்று சொல்லி, கைக்கு வந்த ஒரு சாதாரணப் பக்கத்தைக் கொடுக்கும். கேட்ட கேள்விகளை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளும். நமக்கு வேண்டியதும் அந்தக் கேள்விகள்தான்.

“இதெல்லாம் எதுக்கு, ஆன்லைன்ல இலவசமா சாண்ட்பாக்ஸ் இருக்கே” என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அவற்றில் பலவற்றின் இலவசக் கணக்கில் நாம் ஏற்றும் ஃபைல் மற்றவர்களும் பார்க்கக்கூடியதாகிவிடும். சந்தேக ஃபைல் என்று நினைத்து ஏற்றியது நிஜமான சம்பளப் பட்டியலாக இருந்துவிட்டால், கசியவிட்டது நாம்தான். அதனால் ஃபைலை ஏற்றுவதற்கு முன் அதன் ஹேஷ் மதிப்பை மட்டும் எடுத்துத் தேடிப் பார்ப்பதே நல்லது. ஃபைலின் கைரேகை மாதிரி அது. ஏற்கெனவே யாராவது ஆராய்ந்திருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

ஓடவிடும் முன் படிப்பது

நேராக ஃபைலைத் திறந்துவிடத்தான் கை பரபரக்கும். ஆனால் அனுபவம் உள்ளவர்கள் முதலில் திறக்காமலேயே படிப்பார்கள். பிலிப் லகடெக் உருவாக்கிய `oletools` என்ற இலவசத் தொகுப்பில் இருக்கும் `olevba` இதற்குத்தான். வேர்டே இல்லாமல், ஃபைலுக்குள் இருக்கும் மேக்ரோவை எழுத்தாக வெளியே எடுத்துக் கொடுக்கும்.

```
sha256sum invoice.doc
olevba invoice.doc
```

கடைசியில் ஒரு அட்டவணையும் வரும். அதில் `AutoExec` என்று குறித்திருந்தால், தானாக ஓடும் பகுதி இருக்கிறது என்று அர்த்தம். எமோடெட் ஃபைல்களில் அங்கே பொதுவாக `Document_open` இருக்கும், அதாவது ஆவணம் திறந்ததும் ஓடும். `Suspicious` என்று குறித்திருப்பவை சந்தேகச் சொற்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: இந்த அட்டவணை, மேக்ரோவில் இருக்கும் சொற்களின் பட்டியல்தான். ‘செய்யக்கூடும்’ என்று சொல்கிறதே தவிர, ‘செய்தது’ என்று சொல்லவில்லை. இதையே காப்பி செய்து அறிக்கை என்று கொடுப்பவர்கள் உண்டு. அது அறிக்கை கிடையாது.

மேக்ரோவைப் படித்தால் முதலில் தலை சுற்றும். நூற்றுக்கணக்கான வரிகளில் பெரும்பாலானவை வெறும் குப்பை: எதற்கும் பயன்படாத மாறிகள், எங்கும் போகாத கணக்குகள். நிஜ வேலை செய்யும் வரிகள் விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றிலும் முக்கியச் சொற்கள் நேராக இருக்காது. 2020-ல் வந்த எமோடெட் ஃபைல்களில் ஒரு தந்திரம் அடிக்கடி தென்பட்டது. சொல்லுக்கு நடுவே நடுவே ஒரு குப்பைத் துண்டைச் செருகிவைத்து, ஓடும்போது மட்டும் அதை நீக்குவார்கள். அந்தப் பாணியைக் காட்ட நான் எழுதிய சிறு மாதிரி இது:

```
x = "w]b2[sin]b2[sm]b2[sgmt]b2[ss"
y = Join(Split(x, "]b2[s"), "")
```

`]b2[s` என்ற துண்டை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டுப் படியுங்கள். `winmgmts` என்று வருகிறதா? அது விண்டோஸின் உள் நிர்வாக சேவையான டபிள்யூஎம்ஐ-யைக் கூப்பிடும் பெயர். துண்டு துண்டாக இருந்ததால் ஆன்டிவைரஸும் பார்க்கவில்லை, `olevba` அட்டவணையிலும் அது வராமல் போகலாம். இன்னொரு ஒளிவிடமும் உண்டு. நீளமான கட்டளையை மேக்ரோ வரிகளிலேயே வைக்காமல், பயனர் கண்ணில் படாத ஒரு படிவத்தின் பெட்டியில் எழுதி வைத்திருப்பார்கள். மேக்ரோ வரிகளை மட்டும் படித்தால் அது சிக்காது. படிவங்களில் உள்ள எழுத்துகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அங்கே கிடைப்பது `JAB` என்று தொடங்கும் நீளமான எழுத்துக்கூட்டம். பழகியவர்களுக்கு இந்த மூன்று எழுத்தைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். பவர்ஷெல் என்ற விண்டோஸ் கட்டளை மொழியில் எல்லா மாறியும் `$` குறியோடு ஆரம்பிக்கும். `$`-க்குப் பிறகு ஒரு ஆங்கில எழுத்து வந்து, அதை யூடிஎஃப்-16 வடிவில் வைத்து பேஸ்64 முறையில் மாற்றினால், முதல் மூன்று எழுத்து எப்போதும் `JAB` தான். பிரிட்டன் உளவு அமைப்பான ஜிசிஹெச்க்யூ வெளியிட்ட `CyberChef` கருவியில் ஒட்டி, பேஸ்64-லிருந்தும் யூடிஎஃப்-16-லிருந்தும் மாற்றினால் கட்டளை முழுசாகத் தெரியும்.

அது செய்யச் சொல்வது எளிமையானது. ஐந்து இணைய முகவரிகளின் வரிசை இருக்கும். முதல் முகவரியிலிருந்து ஒரு ஃபைலை இறக்கு. பயனரின் சொந்த ஃபோல்டரில், `284.exe` மாதிரி ஒரு எண் பெயரில் சேமி. ஃபைலின் அளவு ஏறத்தாழ முப்பதாயிரம் பைட்டுக்கு மேல் இருந்தால் அதை ஓட்டிவிட்டு நிறுத்து. குறைவாக இருந்தால் அடுத்த முகவரிக்குப் போ. இந்த அளவு ஒவ்வொரு அலையிலும் மாறும், எண் பெயரும் மாறும். வடிவம் ஒன்றுதான்.

இப்போ ஓடவிடலாம்

படித்ததில் நமக்கு ஒரு எதிர்பார்ப்பு கிடைத்துவிட்டது. அதோடுதான் கூண்டுக்குள் போக வேண்டும். மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவியான `Process Monitor` எந்த நிரல் எந்த ஃபைலைத் தொடுகிறது என்று பதிவு செய்யும். `Wireshark` நெட்வொர்க்கில் போகும் எல்லாவற்றையும் பதிவு செய்யும். இரண்டையும் ஓடவிட்டு, கூண்டுக்குள் இருக்கும் டிஃபெண்டரை நிறுத்திவிட்டு, ஃபைலைத் திறந்து Enable Content அழுத்துகிறோம்.

திரையில் ஒன்றும் நடக்காது. நம் ஆபீஸ் நண்பர் பார்த்ததும் இதைத்தான். பதிவுகளைப் பார்த்தால் கதை வேறு. ஆனால் அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது.

பெரும்பாலானோர் முதலில் தேடுவது, வேர்டு எந்த நிரலைத் தொடங்கியது என்பதை. அதாவது `WINWORD.EXE`-க்குக் கீழே ஏதாவது குழந்தை நிரல் இருக்கிறதா? எமோடெட் ஃபைலில் அங்கே ஒன்றும் இருக்காது. ஏனென்றால் வேர்டு நேரடியாக பவர்ஷெல்லைத் தொடங்கவில்லை. நாம் பிரித்துப் படித்த அந்த டபிள்யூஎம்ஐ-யிடம் “நீ தொடங்கிக்கொடு, ஜன்னலைக் காட்டாதே” என்று சொல்லியிருக்கிறது. அதனால் நிரல் மரத்தில் பவர்ஷெல் வேறொரு கிளையில், `WmiPrvSE.exe` என்ற விண்டோஸ் சேவைக்குக் கீழே நிற்கும்:

```
explorer.exe
  WINWORD.EXE
svchost.exe
  WmiPrvSE.exe
    powershell.exe
```

வேர்டின் கிளையை மட்டும் பார்ப்பவர் “வேர்டு எதையும் தொடங்கவில்லை” என்று எழுதிவிடுவார். அது எழுத்துக்கு எழுத்து உண்மை. ஆனால் முடிவு தப்பு. மேக்ரோவைப் படித்துவிட்டு வந்தவர் மட்டும்தான் நேராக டபிள்யூஎம்ஐ கிளைக்குப் போவார். ஓடவிடும் முன் படிக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

அடுத்து நெட்வொர்க். இங்கே போலி இன்டர்நெட் நமக்கு ஒரு உதவி செய்கிறது. நிஜ இன்டர்நெட்டாக இருந்தால் முதல் முகவரியிலேயே ஃபைல் கிடைத்துவிடும். பவர்ஷெல் அதோடு நிறுத்திக்கொள்ளும், நம் பட்டியலில் ஒரே ஒரு முகவரிதான் இருக்கும். போலி இன்டர்நெட் கொடுப்பதோ சின்னஞ்சிறு பக்கம். முப்பதாயிரம் பைட் தேர்வில் அது தேறாது. ஆகவே பவர்ஷெல் இரண்டாவதைக் கேட்கும், மூன்றாவதைக் கேட்கும், ஐந்தையும் கேட்டு முடிக்கும். ஐந்து முகவரியும் நம் பதிவில். கட்டளையைப் பிரித்தபோது கிடைத்த அதே ஐந்தா என்று ஒப்பிட வேண்டும். ஒன்றுதான் என்றால், இரண்டு தனித்தனி வழியில் ஒரே விடை வந்திருக்கிறது. நாலுதான் வந்தது என்றால், எங்கேயோ ஏதோ விட்டுப்போயிருக்கிறது, திரும்பப் போக வேண்டும்.

பட்டியலை எழுதும்போது

இங்கேதான் பல அறிக்கைகள் சொதப்புகின்றன என்பது என் கருத்து. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் ‘இந்த மேக்ரோ இதைச் செய்கிறது’ என்று எழுதிவிடுகிறார்கள். மூன்றாகப் பிரிக்க வேண்டும்: நம் கண்முன் செய்தது, செய்ய முயன்றது, செய்யும் என்று எழுத்தில் மட்டும் இருப்பது.

நம் உதாரணத்தில், டபிள்யூஎம்ஐ வழியாக பவர்ஷெல்லை மறைவாகத் தொடங்கியதும், ஐந்து முகவரிகளைக் கேட்டதும், `284.exe` என்ற பெயரில் ஃபைலை எழுதியதும் நடந்தவை. அந்த ஐந்து இடத்திலிருந்தும் நிஜ நிரலை இறக்குவது முயன்று நடக்காதது. இறக்கியதை ஓட்டுவது எழுத்தில் மட்டும் இருப்பது, ஏனென்றால் கூண்டில் அந்த வரிக்கு அது போகவே இல்லை.

பாஸ்வேர்டைத் திருடுமா, வங்கிக் கணக்கில் கை வைக்குமா என்று கேட்டால், இந்தப் பட்டியலில் அதற்குப் பதில் கிடையாது. அது இறங்கியிருக்க வேண்டிய `exe` ஃபைலின் வேலை. அதைத் தனியாக ஆராய வேண்டும். மேக்ரோ வெறும் கூரியர் பையன். ‘மேக்ரோ வைரஸ் பாஸ்வேர்டுகளைத் திருடியது’ என்று எழுதுபவர்கள் பையனையும் பார்சலையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

பட்டியலில் இருக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயுள் இல்லை. அந்த ஐந்து முகவரிகளைத் தடை செய்வது உடனே செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் எமோடெட் பயன்படுத்தியவற்றில் பல, யாரோ அப்பாவிகளின் ஹேக் செய்யப்பட்ட வேர்ட்பிரஸ் தளங்கள். உரிமையாளர் சுத்தம் செய்தால் போய்விடும், அடுத்த அலையில் வேறு ஐந்து வரும். எண் பெயரும் அப்படித்தான். ஆனால் `WmiPrvSE.exe`-க்குக் கீழே, `JAB` என்று தொடங்கும் மறைகட்டளையோடு பவர்ஷெல் ஓடுவது? சாதாரண ஆபீஸ் கம்ப்யூட்டரில் அது அபூர்வம். ஆபீஸில் உள்ள எல்லா கம்ப்யூட்டரிலும் தேட வேண்டியது முதலில் அதைத்தான். Enable Content அழுத்தியது ஒருவர்தானா, மூன்று பேரா என்று அப்போதுதான் தெரியும்.

ஒன்றுமே நடக்கவில்லை என்றால்?

சில சமயம் கூண்டில் ஓடவிட்டாலும் பட்டியல் காலியாக வரும். உடனே ‘ஃபைல் சுத்தம்’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காலி என்பதற்குப் பல காரணம் உண்டு.

எளிமையான காரணம், வேர்டே தடுத்திருக்கும். இன்டர்நெட்டிலிருந்து வந்த ஃபைலுக்கு விண்டோஸ் ஒரு கண்ணுக்குத் தெரியாத குறிப்பை ஒட்டிவைக்கிறது:

```
[ZoneTransfer]
ZoneId=3
```

இந்தக் குறிப்பு இருந்தால் மேக்ரோவைத் தானாகத் தடுக்கும் மாற்றத்தை 2022-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. நடுவில் ஜூலையில் ஒருமுறை நிறுத்திவைத்து, அதே மாதம் மறுபடி தொடங்கினார்கள். புது வேர்டில் சிவப்புப் பட்டை வரும், Enable Content பொத்தானே இருக்காது. கூண்டில் புது வேர்டை வைத்து, குறிப்பையும் நீக்காமல் ஓட்டினால் பட்டியல் காலியாகத்தான் வரும். பாதிக்கப்பட்டவரின் கம்ப்யூட்டரில் பழைய ஆபீஸ் இருந்திருந்தால் அங்கே மேக்ரோ முழுசாக ஓடியிருக்கும். அவரிடம் இருந்த அதே பதிப்பைக் கூண்டிலும் வைப்பது இதனால்தான் அவசியம்.

இன்னொரு காரணம், மேக்ரோவே கூண்டை மோப்பம் பிடிப்பது. சில மேக்ரோக்கள் வேர்டில் சமீபத்தில் திறந்த ஃபைல்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கும். மேக்ரோவில் `RecentFiles.Count` என்று இருந்தால் அதுதான். புத்தம் புது விண்டோஸில் ஒன்றுமே திறந்திருக்க மாட்டார்கள் இல்லையா? மூன்றுக்குக் குறைவாக இருந்தால் ‘இது சோதனைக்கூடம்’ என்று முடிவு செய்து பேசாமல் இருந்துவிடும். இதற்கு மாற்று ரொம்ப சாதாரணமானது: ஸ்னாப்ஷாட் எடுக்கும் முன் கூண்டுக்குள் பத்து பதினைந்து வேர்டு ஃபைலைத் திறந்து மூட வேண்டும். டெஸ்க்டாப்பில் நாலு படம் போட்டு வைக்க வேண்டும். யாரோ வாழ்கிற வீடு மாதிரி இருக்கணும்.

எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் `AutoClose`. ஆவணத்தைத் திறக்கும்போது இது ஓடாது, மூடும்போதுதான் ஓடும். தானியங்கி சாண்ட்பாக்ஸ் ஃபைலைத் திறந்து, சில நிமிடம் காத்திருந்து, வேர்டை முறையாக மூடாமல் கூண்டையே கலைத்துவிட்டால் மேக்ரோ ஓடவே வாய்ப்பில்லை. மனிதர்களோ ஃபைலைப் பார்த்துவிட்டு மூடாமல் விடுவார்களா? தாக்குபவருக்கு அது போதும்.

இந்த மூன்றையும் எப்படிக் கண்டுபிடிப்பது? படித்ததையும் பார்த்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. எழுத்தில் கட்டளை இருக்கிறது, கூண்டில் ஒன்றும் நடக்கவில்லை என்றால், நடுவில் எந்த நிபந்தனை அதை நிறுத்தியது என்று தேட வேண்டும். நிபந்தனையைக் கண்டுபிடித்ததும் கூண்டை மாற்றி, ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி, மறுபடி ஓட்ட வேண்டும். இரண்டு மூன்று முறை ஓட்டுவது சகஜம்.

எமோடெட்டின் கட்டமைப்பை 2021 ஜனவரியில் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து முடக்கியது. அதே ஆண்டு நவம்பரில் அது திரும்பி வந்தது. மேக்ரோவுக்குத் தடை வந்த பிறகு கும்பல்கள் ஒன்நோட் ஃபைல், ஷார்ட்கட் ஃபைல் என்று தாவின. கூரியர் பையன் மாறினாலும் கேட்க வேண்டிய கேள்விகள் மாறவில்லை.

உங்கள் ஆபீஸில் இப்படி ஒரு ஃபைல் வந்து யாராவது அழுத்திவிட்டால், கம்ப்யூட்டரின் நெட்வொர்க் இணைப்பை எடுத்துவிடுங்கள். ஃபைலை அழிக்காதீர்கள், சக ஊழியருக்கு ஃபார்வர்டும் செய்யாதீர்கள். பாஸ்வேர்டு போட்ட ஜிப்பாக ஐடி பிரிவுக்குக் கொடுங்கள். ஆராய்ச்சியாளர்கள் வழக்கமாக வைக்கும் பாஸ்வேர்டு `infected`. பதில் வரும்போது ஹேஷ் மதிப்பு இருக்கிறதா, எந்த வேர்டு பதிப்பில் ஓட்டினார்கள் என்று இருக்கிறதா, நடந்தது தனியாகவும் நடக்கக்கூடியது தனியாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். “வைரஸ்தான் சார், க்ளீன் பண்ணியாச்சு” என்று மட்டும் வந்தால், “எந்த அஞ்சு முகவரி, வேற எந்தெந்த மெஷின்ல தேடினீங்க?” என்று திருப்பிக் கேளுங்கள்.